வேலையை 18 மாதம் நிறுத்தினால் செலவுக்குப் பணம் எந்தத் தேதியில் வரும்? முதலீடுகளைப் படிகளாக அடுக்கும் கணக்கு

கொழும்பிலோ கண்டியிலோ பத்துப் பதினைந்து வருடம் தனியார் நிறுவனத்தில் வேலை செய்துவிட்டு, ஒன்றிரண்டு வருடம் ஊரோடு இருக்கலாம் என்று நினைக்கும் மலையகத்தவர்கள் இன்று நிறையப் பேர். படிப்பை முடிக்க, வயதான பெற்றோரைப் பார்க்க, உடம்பைத் தேற்ற என்று காரணம் பலவாக இருக்கலாம். கணக்குப் பார்க்க உட்கார்ந்ததும் எல்லோரும் முதலில் செய்வது கூட்டல்தான். சேமிப்பு இவ்வளவு, நிலையான வைப்பு இவ்வளவு, ஈ.பி.எஃப் இவ்வளவு என்று கூட்டி, மாதச் செலவால் வகுத்து, "ஐந்து வருடம் தாங்கும்" என்று முடிவுக்கு வருகிறார்கள். அந்த விடை பெரும்பாலும் தவறு. கூட்டலில் பிழை இருக்காது. ஆனால் ஒவ்வொரு தொகைக்கும் ஒரு தேதி இருக்கிறது, அது கூட்டலில் தெரிவதில்லை.

இந்தக் கட்டுரை அந்தத் தேதியைப் பற்றியது. சம்பளம் நின்றபின் எந்த மாதத்தில் எந்தப் பணம் கைக்கு வரும், அதை எப்படி முன்கூட்டியே வரிசைப்படுத்துவது என்பதை ஒரே ஒரு உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம்.

## பணம் மூன்று விதமாகப் பூட்டப்படுகிறது

பணம் நம் பெயரில் இருப்பது வேறு, நாளைக்கு எடுத்துச் செலவழிக்க முடிவது வேறு. இடையில் நிற்கும் பூட்டு மூன்று வகை.

1. தேதிப் பூட்டு. நிலையான வைப்பும், அரசு குறுகிய காலக் கடனுக்காக வெளியிடும் திறைசேரி உண்டியலும் இந்த வகை. முதிர்வு நாளில் முழுப்பணமும் வரும். அதற்கு முன்னால் கேட்டால் கொஞ்சம் இழக்க வேண்டும். இழப்பு எவ்வளவு என்பது முன்பே ஓரளவு தெரியும்.

2. நிபந்தனைப் பூட்டு. ஈ.பி.எஃப் எனும் ஊழியர் சேமலாப நிதி, ஈ.டி.எஃப் எனும் ஊழியர் நம்பிக்கை நிதியம், பணிக்கொடை ஆகிய மூன்றும் இதில் சேரும். ஒரு நிகழ்வு நடந்தால்தான் இவை திறக்கும். வயது எட்டுவது, வேலையை விட்டு விலகுவது போன்றவை அந்த நிகழ்வுகள். நிபந்தனை பூர்த்தியானாலும் காசு எந்த நாளில் வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

3. விலைப் பூட்டு. பங்குகளும் பங்குகளில் முதலிடும் யூனிட் டிரஸ்ட்டுகளும் இப்படி. எந்த வேலைநாளிலும் விற்கலாம், ஆனால் அன்றைக்கு என்ன விலை என்பது நம் கையில் இல்லை. சந்தை விழுந்த மாதத்தில் அரிசி வாங்க விற்றால் நஷ்டம் நிரந்தரமாகிவிடும்.

இவற்றை, செலவு வரும் மாதங்களுக்கு நேராக, ஒன்று தீரும்போது அடுத்தது கைக்கு வரும்படி அடுக்கி வைப்பதுதான் ஏணி. ஒவ்வொரு படியும் ஒரு தொகை, ஒரு தேதி. இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது படியாகாது.

## ஒரு கணக்கு: பண்டாரவளை, 38 வயது, 18 மாதம்

கற்பனையான ஆள்தான், ஆனால் தொகைகள் இன்றைய நடைமுறைக்கு ஏற்றவை. பண்டாரவளையைச் சேர்ந்த 38 வயதுப் பெண். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் 11 வருட சேவை. கடைசிச் சம்பளம் 140,000 ரூபா. டிசம்பர் 31இல் விலகி, அடுத்த வருட ஜனவரி தொடக்கம் அதற்கடுத்த வருட ஜூன் முடியும் வரை, 18 மாதம், அம்மாவோடு ஊரில் இருந்து ஒரு பாடநெறியையும் முடிக்கத் திட்டம். அவரிடம் இருப்பவை:

1. சேமிப்புக் கணக்கு: 300,000
2. ஒரு வருட நிலையான வைப்பு, விலகுவதற்கு மூன்று மாதம் முன்னால் செப்டம்பர் 25இல் முதிர்கிறது: 1,000,000
3. ஈ.பி.எஃப் மீதி: 3,200,000
4. ஈ.டி.எஃப் மீதி: 480,000
5. எதிர்பார்க்கும் பணிக்கொடை: 770,000
6. பங்குகள்: 600,000

மொத்தம் 6,350,000 ரூபா. ஊரில் மாதச் செலவு 90,000 என்று வைத்தால் 70 மாதம் தாங்கும் என்று காகிதம் சொல்கிறது. இப்போது ஒவ்வொன்றாக உரித்துப் பார்ப்போம்.

ஈ.பி.எஃப். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்தும் நிதி இது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். அதற்கு முன்பென்றால் நிரந்தரமாக வெளிநாடு செல்வது, நிரந்தர இயலாமை, பெண்ணுக்குத் திருமணத்தின் காரணமாக வேலையை விடுவது போன்ற குறிப்பிட்ட காரணங்கள் வேண்டும். பத்து வருடம் பங்களித்து, மீதி 300,000 ரூபாவுக்குக் குறையாமல் இருந்தால் 30 வீதம்வரை முன்கூட்டியே பெறும் வசதியும் உண்டு. அது வீட்டுக்கும் மருத்துவச் சிகிச்சைக்கும் மட்டும். வீட்டுச் செலவை ஓட்ட அதில் இடமில்லை. ஆக, கையிருப்பில் பாதிக்கு மேலான இந்தத் தொகை இவருக்கு இன்னும் 12 வருடம் தள்ளி இருக்கிறது. ஏணியிலிருந்து அதை முழுதாக எடுத்துவிட வேண்டும்.

பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருட சேவை முடித்தவருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். தோட்டத்தில் பெரியவர்கள் சேவைக்காலப் பணம் என்று சொல்வது இதைத்தான். தாமாக விலகினாலும் உரித்து. இவருக்கு 70,000 பெருக்கல் 11, அதாவது 770,000. சேவை முடிந்து 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் தாமதிக்கும் இடங்கள் உண்டு. அப்போது தொழில் திணைக்களத்துக்குப் போக வேண்டியிருக்கும். மேலதிகக் கட்டணத்தோடு வசூலிக்கச் சட்டத்தில் வழியுண்டு என்றாலும் அது மாதங்களைத் தின்னும்.

ஈ.டி.எஃப். தொழில்தருநர் மட்டும் 3 வீதம் கட்டும் நிதி. வேலையை விட்டால் வயதைப் பாராமல் எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான். விண்ணப்பத்தில் பழைய நிறுவனத்தின் உறுதிப்படுத்தல் வேண்டும்.

பங்குகளை இப்போதைக்கு ஒதுக்கி வைத்தால், உண்மையில் ஏணிக்குக் கிடைப்பது 2,550,000 ரூபா. அதிலும் 1,250,000 எப்போது வரும் என்று தெரியாத பணம். தேதி தெரிந்த பணம் 1,300,000 மட்டுமே. அறுபத்து மூன்றரை இலட்சம் பதின்மூன்று இலட்சமாகச் சுருங்குவதைப் பார்த்து மனம் தளரலாம். ஆனால் இந்தப் பதின்மூன்றை ஒழுங்காக அடுக்கினால் திட்டம் நிற்கிறது.

## செலவிலிருந்து பின்னோக்கி

முதலில் செலவின் நாட்காட்டி. 18 மாதத்துக்கு மாதம் 90,000 வீதம் 1,620,000. அதோடு பலர் மறப்பவை மூன்று.

வேலையை விட்டதும் நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்புறுதி நின்றுவிடும். சொந்தமாக எடுக்க வருடத்துக்கு 60,000 என்று வைப்போம். இரண்டு ஜனவரிகளில் 120,000. பாடநெறிக் கட்டணம் முதல் வருட ஜூலையில் 150,000. அப்புறம் மிக முக்கியமானது, 18 மாதம் முடிந்த மறுநாளே சம்பளம் வராது. நேர்முகத்தேர்வு, அறிவித்தல், முதல் மாதச் சம்பளம் என்று நான்கு மாதம் எளிதில் போகும். அதற்கு 360,000. மொத்தம் 2,250,000.

இதில் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சீட்டு எடுத்துவிட்டு மாதாமாதம் கட்டிக்கொண்டிருப்பவருக்கு அது செலவுப் பக்கத்தில் வரவேண்டும். இன்னும் எடுக்காதவருக்கும், முறை வரும்வரை கட்டியாக வேண்டிய தொகை செலவுதான். சீட்டு வரும் என்பதைப் படியாக எண்ணலாமா? நடத்துபவரைப் பொறுத்தது. நான் எண்ணமாட்டேன்.

## படிகளை அடுக்குதல்

நிலையான வைப்பு செப்டம்பர் 25இல் முதிர்கிறது அல்லவா, ஏணி கட்ட வேண்டிய நாள் அதுதான், வேலையை விடும் நாள் அல்ல. பத்து இலட்சத்தையும் மறுபடி ஒரு வருடத்துக்குப் போட்டால் அடுத்த செப்டம்பர்வரை பூட்டிவிடும். ஆனால் இவருக்கு ஏப்ரலில் காசு வேண்டும். ஆகவே அன்றைக்கே பிரிக்க வேண்டும்.

1. முதல் படி, ஜனவரி முதல் மார்ச். சேமிப்பில் உள்ள 300,000உம், வைப்பிலிருந்து எடுத்த 40,000உம். மூன்று மாதச் செலவு 270,000, காப்புறுதி 60,000 போக 10,000 மிஞ்சும். இது பூட்டில்லாத பணம்.

2. இரண்டாம் படி, ஏப்ரல் முதல் ஜூன். 270,000 ஆறு மாத வைப்பில். மார்ச் 25இல் வரும்.

3. மூன்றாம் படி, ஜூலை முதல் செப்டம்பர். 270,000உம் பாடநெறிக்கு 150,000உம் சேர்த்து 420,000, ஒன்பது மாதத்துக்கு. ஜூன் 25இல் வரும். ஒன்பது மாத வைப்பு இல்லாத வங்கியென்றால் ஆறு மாதம் போட்டு, பிறகு மூன்று மாதம்.

4. நான்காம் படி, அக்டோபர் முதல் டிசம்பர். 270,000 ஒரு வருட வைப்பில். செப்டம்பர் 25இல் வரும்.

தேதி தெரிந்த பணம் இத்தோடு தீர்ந்தது, முதல் வருடமும் முடிந்தது. ஒவ்வொரு படியும் தேவைப்படும் மாதத்துக்குச் சில நாட்கள் முன்பே முதிர்வதைக் கவனியுங்கள். முதிர்வு நாள் சனி, ஞாயிறிலோ போயா தினத்திலோ சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலோ விழுந்தால் அடுத்த வேலைநாள்வரை காத்திருக்க வேண்டிவரும்.

வைப்புக்குப் பதிலாகத் திறைசேரி உண்டியலும் வாங்கலாம். 91, 182, 364 நாள் என்று மூன்று தவணைகள்தான் உண்டு. மத்திய வங்கி வழக்கமாகப் புதன்கிழமை ஏலம் நடத்தும், வெள்ளியன்று கணக்குத் தீரும். நாம் வங்கி அல்லது முதனிலை வணிகர் மூலம் வாங்குகிறோம். வட்டி முன்னதாகவே கழித்து விலை போடப்படும், முதிர்வில் முகப்பெறுமதி வரும். இடையில் விற்கலாம், ஆனால் அன்றைய வட்டிவீதம் ஏறியிருந்தால் விலை குறையும். 2022 ஏப்ரல் 8இல் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வீதங்களை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அன்றைக்கு உண்டியலை முதிர்வுவரை வைத்திருந்தவருக்கு எதிர்பார்த்த தொகை அப்படியே வந்தது; இடையில் விற்க நேர்ந்தவருக்கு வரவில்லை. செலவு நாளுக்கு முதிர்வைப் பொருத்துவதன் பயன் இதுதான்.

## தாமதமாக வரும் பணம் ஏன் கடைசிப் படியாக வேண்டும்

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். "விலகினதும் சேவைப் பணம் வரும், அதை வைத்து முதல் ஆறு மாதத்தை ஓட்டிவிடலாம், வைப்பு அப்படியே கிடக்கட்டும்" என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தேதி தெரியாத பணத்தை மிக அவசரமான மாதங்களுக்கு நேராக வைக்கிறார்கள். பணிக்கொடை இரண்டு மாதம் பிந்தினால் வைப்பை உடைக்க வேண்டும், அல்லது நகை அடகுக்குப் போகும்.

நம் கணக்கில் பணிக்கொடையும் ஈ.டி.எஃப்உம் வர ஒரு முழு வருடம் அவகாசம் இருக்கிறது. இரண்டாம் வருடத்தின் தேவை 960,000: ஆறு மாதச் செலவு 540,000, காப்புறுதி 60,000, வேலை தேடும் காலத்துக்கு 360,000. வரவேண்டியது 1,250,000. மிச்சம் 290,000. முதல் வருட மிச்சத்தையும் சேர்த்தால் 300,000.

பணிக்கொடை ஜனவரி இறுதியில் வந்தால் என்ன செய்வது? இங்கே ஒரு சின்னப் பொறி. 364 நாள் உண்டியல் வாங்கினால் அது அடுத்த ஜனவரி இறுதியில்தான் முதிரும். ஆனால் அந்த ஜனவரி முதல் வாரத்திலேயே செலவும் காப்புறுதியும் நிற்கின்றன. ஆகவே ஜனவரி முதல் மார்ச்சுக்கான 330,000ஐ 182 நாளுக்கும், முதிர்ந்தபின் 91 நாளுக்கும் போட்டு, பிறகு சேமிப்பில் வைக்க வேண்டும். மீதி 440,000ஐ ஒரு வருடத்துக்குப் போடலாம், அது ஏப்ரலுக்குத்தான் தேவை. ஈ.டி.எஃப் எப்போது வருமோ அப்போது, அதைச் சில வேலைநாட்களில் எடுக்கக்கூடிய பணச்சந்தை யூனிட் டிரஸ்ட்டில் வைத்தால் போதும்.

விலகுவதற்கு முன் முடிக்க வேண்டிய ஒரு வேலை இந்தப் படிக்கு உயிர். ஈ.பி.எஃப், ஈ.டி.எஃப் பதிவிலுள்ள பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இப்போதைய அட்டையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மலையகத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், நிறுவனத்தில் இன்னொன்று என்று இருப்பது புதிதல்ல. வேலையில் இருக்கும்போது மனிதவளப் பிரிவுக்கு ஒரு கடிதத்தில் தீரும் விஷயம், விலகியபின் சத்தியக் கடதாசியும் பயணமுமாக நீளும். நிறுவனம் எல்லா மாதமும் பங்களிப்பைக் கட்டியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

## ஒரு வீதம் கூடுதல் வட்டி எவ்வளவு பெறும்?

இப்படிப் பிரித்துப் போட்டால் வட்டி குறையுமே என்று கேட்கலாம். குறையலாம். எவ்வளவு என்று பார்ப்போம். வருட வட்டி 8 வீதம் என்று எடுத்துக்கொண்டால் மூன்று வைப்புகளும் சேர்ந்து தருவது 57,600 ரூபா. இன்னொரு இடத்தில் 9 வீதம் கிடைத்தால் 64,800. வித்தியாசம் 7,200. இந்த ஏழாயிரத்துக்காக எங்கே போகிறோம் என்பதுதான் கேள்வி.

பெரும்பாலும் நிதி நிறுவனத்துக்கு. நிதி நிறுவனங்கள் எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் 2020 மே மாதத்தில் 'த பினான்ஸ் கம்பனி'யின் உரிமம் இரத்தானபோது, வைப்பாளர்களுக்கு வைப்புக் காப்புறுதித் திட்டத்திலிருந்து உத்தரவாதமாகக் கிடைக்க இருந்தது ஆளுக்கு 6 இலட்சம்வரை. இப்போது அந்த வரம்பு ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம். வரம்புக்குள் இருந்தால் பணம் கடைசியில் வரலாம், ஆனால் மார்ச் 25இல் வராது. ஏணியில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல. நம் கணக்கில்கூட, சேமிப்பும் வைப்பும் ஒரே வங்கியில் இருந்தால் 13 இலட்சம், வரம்பைத் தாண்டுகிறது. ஒரு படியை வேறு வங்கிக்கு மாற்றலாம். தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசின் முழு உத்தரவாதம் உண்டு.

வட்டியைத் தேடி அலைவதைவிட எளிதாகக் கிடைக்கும் பணம் ஒன்றிருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் வைப்பு வட்டியில் 10 வீதம் நிறுத்திவைத்தல் வரி கழிக்கப்படுகிறது. நம் கணக்கில் 5,760 ரூபா. வருட வருமானம் 18 இலட்சத்துக்கு மேல் போகாதவர், வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தோடு வங்கியில் சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் கழிக்கமாட்டார்கள். வரியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், சம்பளம் இல்லாத வருடத்துக்கு அந்தப் படிவத்தை மறுபடியும் கொடுங்கள்.

## ஏணி எங்கே உடைகிறது

தானாகப் புதுப்பித்தல். நான் பார்த்தவரை அடிக்கடி நடப்பது இதுதான். வைப்பு திறக்கும்போது படிவத்தில், முதிர்வில் அதே தவணைக்குப் புதுப்பிக்கவும் என்ற இடத்தில் ஒரு அடையாளம் விழுந்துவிடுகிறது. மார்ச் 25இல் வரவேண்டிய 270,000, யாரும் கேட்காமலே செப்டம்பருக்குப் போய்விடும். முதிர்வில் முதலும் வட்டியும் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கப்படவேண்டும் என்று எழுத்தில் கொடுத்து, சான்றிதழில் அது பதிவாகியிருக்கிறதா என்று வாசித்துப் பார்த்தால் போதும்.

பெரிய ஒற்றைப் படி. நான்காம் படியிலுள்ள 270,000ஐ ஒரே சான்றிதழாக வைத்திருக்கும்போது, எட்டாவது மாதத்தில் அம்மாவின் பரிசோதனைக்கு 60,000 தேவை என்று வைப்போம். முழுவதையும் உடைத்தால் வங்கி முடிந்த காலத்துக்குக் குறைந்த வட்டியே தரும். 8 வீதம் 5 ஆகக் குறைந்து, எஞ்சிய 210,000 நான்கு மாதம் 3 வீதச் சேமிப்பில் கிடந்தால், வட்டியில் 10,500 ரூபா போகும். அதே வைப்பைப் பிணையாக வைத்து 11 வீதத்தில் 60,000 கடன் வாங்கினால் நான்கு மாத வட்டி 2,200தான். அதற்குச் சம்பளச் சிட்டை கேட்கமாட்டார்கள், மற்றக் கடன்களுக்குக் கேட்பார்கள். முதலிலேயே 90,000 வீதம் மூன்று சான்றிதழாகப் பிரித்திருந்தால் ஒன்றை மட்டும் உடைத்துப் போயிருக்கலாம்.

எடுக்கவே முடியாத நாட்கள். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு அறிவிப்பின்போது ஜூன் 29 முதல் ஜூலை 3வரை ஐந்து நாள் வங்கிகள் மூடியிருந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மண்சரிவால் வீதிகள் துண்டாகி, மின்சாரமும் தொலைபேசியும் போன மலையகத்தில், வங்கியில் இருந்த பணம் பல இடங்களில் எட்டாத பணமாக இருந்தது. இரண்டு வாரச் செலவு நோட்டாக வீட்டில் இருப்பது நல்லது. அதற்குமேல் வேண்டாம்.

விலைவாசி. 300,000 மிச்சம் எவ்வளவு தாங்கும்? பின்பாதி ஒன்பது மாதமும் செலவு 30 வீதம் ஏறினால் கூடுதலாக 243,000 வேண்டும், சமாளிக்கலாம். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. அப்படி 70 வீதம் ஏறினால் 567,000 வேண்டும், மிச்சம் போதாது. அந்த நிலையில் பங்குகளைக் கிடைத்த விலைக்கு விற்பதா, விடுப்பைச் சுருக்குவதா என்ற தெரிவுதான் இருக்கும். எந்த ஏணியும் 2022ஐ முழுதாகத் தாங்கியிருக்காது.

இவற்றை முன்பே கண்டுபிடிக்க ஒரு வழிதான் உண்டு. ஒவ்வொரு படியும் முதிரும் நாளில், பழைய படியில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். இரண்டு தடவை தொடர்ந்து புதுப்படி வருமுன்பே பழையது தீர்ந்திருந்தால், மாதச் செலவு 90,000 அல்ல என்று பொருள். இன்னொரு தேதி செப்டம்பர் 25. கடைசி உறுதியான படி அன்று வருகிறது. அதற்குள் பணிக்கொடையும் ஈ.டி.எஃப்உம் வந்து சேரவில்லை என்றால், டிசம்பருக்குப் பிறகு ஒன்றும் உறுதியில்லை. வேலை தேடலை அன்றே தொடங்க வேண்டும்.

## விலகாமல் சம்பளமற்ற விடுமுறை கிடைத்தால்?

இது கேட்க இன்னும் நல்ல ஏற்பாடாகத் தெரியும். திரும்ப அதே மேசை, சேவைக்காலமும் அறுபடாது. ஆனால் ஏணியின் கணக்கு தலைகீழாகிவிடும். வேலையை விடவில்லை என்பதால் பணிக்கொடை வராது. ஈ.டி.எஃப்ஐயும் கேட்க முடியாது. அதாவது இரண்டாம் வருடத்துக்கான 1,250,000 முழுதும் ஏணியிலிருந்து மறைந்துவிடும்.

ஈடாக, வேலை தேடும் காலத்துக்கான 360,000 தேவையில்லை. அப்படியும் ஜனவரி முதல் ஜூன் வரை 600,000 தேவை, கையில் இருப்பது பங்குகள் மட்டும். 600,000 பெறுமதியான பங்குகள் அன்றைக்கும் 600,000 ஆக இருக்கும் என்று நம்பித்தான் அந்த ஆறு மாதத்தையும் ஓட்ட வேண்டும். சம்பளமற்ற விடுமுறை என்றால் இவருக்கு 12 மாதம் சரி, 18 மாதம் சரியில்லை. விடுமுறைக் கடிதம் எழுதுவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டியது இது. விடுமுறையில் மருத்துவக் காப்புறுதி தொடருமா என்பதையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடலாம்.

## திரும்பிய பிறகு தெரியும் விலை

செலவழித்த 22 இலட்சத்தோடு கணக்கு முடியவில்லை. 140,000 சம்பளத்தில் ஈ.பி.எஃப்க்கு மாதம் 28,000 வீதம் 18 மாதத்தில் 504,000 சேர்ந்திருக்கும், ஈ.டி.எஃப்க்கு 75,600. அவை சேரவில்லை. பழைய ஈ.பி.எஃப் மீதிக்கு வட்டி தொடர்ந்து சேரும் என்பது ஆறுதல்.

புதிய நிறுவனத்தில் பணிக்கொடைக்கான ஐந்து வருடம் பூச்சியத்திலிருந்து தொடங்கும். 39, 40 வயதில் சேர்ந்து நான்காவது வருடத்தில் மாறினால் அந்த நான்கு வருடத்துக்கும் பணிக்கொடை கிடையாது. ஈ.டி.எஃப்ஐயும் இப்போது எடுத்துவிட்டதால், அடுத்த ஐந்து வருடத்துக்குள் இன்னொரு இடைவெளி வந்தால் அந்தப் படி இருக்காது. அடுத்த தடவை ஏணி கட்ட வேண்டி வந்தால், வைப்புகளையும் உண்டியல்களையும் மட்டுமே நம்பிக் கட்ட வேண்டியிருக்கும்.